வீடு முடியும் முன் கட்டிய வட்டி

கேள்வி: 2019 ஜூலையில் வீட்டுக் கடன் வாங்கினேன், 2022 நவம்பரில் வீடு முடிந்தது. கட்டுமானக் காலத்து வட்டியில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்ததற்கு, காலக் கணக்கும் வங்கிச் சான்றும் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. என்ன பதில் தருவது?

பதில்: அந்தக் காலம் 2022 மார்ச் 31-உடன் முடிகிறது, நவம்பரில் அல்ல. பலர் சறுக்குவது இங்கேதான். ஏப்ரல் முதலான வட்டி நடப்பாண்டுக் கணக்கில் சேரும். மார்ச் வரை 6 லட்சம் என்றால், 2022-23 முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். நடப்பாண்டுச் சான்று மட்டும் போதாது. 2019 முதல் ஒவ்வொரு நிதியாண்டின் வட்டியையும் தனித்தனியாகக் காட்டும் சான்றை வங்கியில் கேட்டு வாங்கி, கட்டட நிறைவுச் சான்றோடு பதிலில் இணையுங்கள். நீங்களே குடியிருக்கும் வீடென்றால், பழைய வரி முறையில் இந்தத் தவணையும் நடப்பு வட்டியும் சேர்ந்தே 2 லட்சம்தான் உச்சவரம்பு.