அப்பத்தாவுக்கு ‘நீ’யா, ‘நீங்க’ளா?

டொராண்டோவில் வளர்ந்த பேரன் மதுரைப் பக்கத்து அப்பத்தாவுக்கு ஆங்கிலத்தில் நாலு வரி எழுதுகிறான். அப்பத்தாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி ஒரு வாரம். சொட்டு மருந்து விட்டாயிற்றா, டாக்டர் என்ன சொன்னார், அடுப்படிக்குப் போக வேண்டாம், அம்மா செவ்வாய்க்கிழமை போன் செய்வார் என்பதுதான் சேதி. அதைத் தமிழில் எழுதி வாட்ஸப்பில் அனுப்புவது சித்தியின் வேலை.

வயதானவர் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு ‘நீங்கள்’ போடுபவர்கள் உண்டு. சித்தி அப்படிச் செய்வதில்லை. அப்பாவை ‘நீங்க’ என்னும் பிள்ளைகளே அம்மாவையும் அப்பத்தாவையும் ‘நீ’ என்று கொஞ்சும் வீடுகள் ஏராளம். அந்த வீட்டு அப்பத்தாவுக்கு “நீங்கள் நலமா?” என்று போனால், பையனுக்கு என்ன கோபமோ என்றுதான் யோசிப்பார். கோவைப் பக்கமோ குழந்தையைக்கூட ‘வாங்க’ என்று கூப்பிடுகிற ஊர்; அங்கே பாட்டிக்கு ‘நீ’ எழுதினால் வம்புதான். யாழ்ப்பாணத்தில் இரண்டுக்கும் நடுவே ‘நீர்’ இருக்கிறது, ஆனால் அது பெரியவர்களிடம் செல்லாது.

ஆகவே சித்தி முதலில் கேட்பது, “போன்ல அப்பத்தாகிட்ட எப்படிடா பேசுவே?” என்றுதான். அவனுக்குத் தமிழ் வராது என்றால், ஊரில் இருக்கும் அவன் வயதுப் பேரப்பிள்ளைகளின் பேச்சைப் பார்க்க வேண்டும். அவன் அப்பாவின் பேச்சு இதற்கு உதவாது. மகன் எடுத்துக்கொள்ளும் உரிமை வேறு, பேரனுடையது வேறு.

முடிவு செய்த பிறகும் வினைமுற்றில் சறுக்கும். “நீங்க மருந்து விட்டியா?” என்று பாதி மரியாதையோடு எழுதிவிடுவது சகஜம். அடுத்த சிக்கல் அம்மா. ‘நீ’ புழங்கும் வீட்டில் “அம்மா பேசுவா” என்பது இயல்பு. மற்ற இடங்களில் “பேசுவாங்க”. டாக்டர் ஆணா பெண்ணா என்று ஆங்கில வரியில் தெரியாவிட்டாலும் கவலையில்லை, ‘சொன்னார்’ இருவருக்கும் பொருந்தும்.

எதுவும் பிடிபடாதபோது நம் பேச்சிலேயே ஒரு வழி உண்டு: “மருந்து விட்டாச்சா? கண்ணு எப்படி இருக்கு? அடுப்படிக்குப் போக வேண்டாம், அப்பத்தா.” இதில் நீயும் இல்லை, நீங்களும் இல்லை. ஆனால் பத்து வரியும் இப்படியே போனால் நர்ஸ் விசாரிப்பது போலாகிவிடும். ‘மருந்து விடவும்’ அதைவிட மோசம், மருந்துச்சீட்டு வாசகம். ‘தயவுசெய்து’வும் தேவையில்லை, அந்தக் கெஞ்சலை “சொல்லேன்”, “சொல்லுங்களேன்” என்பதே சுமந்துகொள்ளும்.

கண்ணில் மருந்து விட்டிருக்கும் அப்பத்தாவுக்குச் சேதியைப் படித்துச் சொல்வது பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரரோ மருமகனோதான். பேரனின் ‘நீ’ அடுத்தவர் வாயில் வரும்போது அப்பத்தாவுக்கும் கூச்சம், படிப்பவருக்கும் கூச்சம். அந்த வாரத்துக்கு மட்டும் நீயும் நீங்களும் இல்லாத அந்தப் பொது நடையிலேயே எழுதுங்கள். கண் தெளிந்ததும் ‘நீ’க்குத் திரும்பிக்கொள்ளலாம்.