வெறுமைக்கு எத்தனை சொல்?

கும்மிடிப்பூண்டி பக்கத்துக் கிராம மாணவி ஒருத்தி, ஒன்பதாம் வகுப்பில், இறந்த தாத்தாவைப் பற்றிக் கவிதை எழுதியிருந்தாள். நாற்காலி, வயல், பாட்டியின் சிரிப்பு மூன்றுக்கும் ‘வெறுமை’ என்றே போட்டிருந்தாள். மாற்றுச் சொற்களைக் கரும்பலகையில் எழுதினேன்: காலி, வெற்று, பதர், தரிசு, பாழ். அது என் தவறு. உடனே ஒருவன் ‘தரிசு நாற்காலி’ என்றான், வகுப்பே சிரித்தது.

பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு கேள்வி கேட்டோம். முன்பு அங்கே என்ன இருந்தது? அது திரும்ப வருமா?

வயலுக்குப் ‘பாழ்’ பொருந்துமா என்றேன். “இல்ல சார், தரிசுதான். அப்பா கம்பெனிக்குப் போறதால நடவு இல்ல. பாழ்னு எழுதினா தாத்தா கோவிச்சுக்குவாரு” என்றாள். தரிசில் மறுபடி ஏர் இறங்கலாம். பாழில் அந்த நம்பிக்கை இல்லை. பாட்டியின் சிரிப்புக்குப் ‘பதர்’ என்பதை அவளே எடுத்துக்கொண்டாள். வெளியே நெல் போலத் தெரியும், உள்ளே அரிசி இருக்காது.

நாற்காலிக்குத்தான் எதுவும் ஒட்டவில்லை. ‘காலி’ என்றால் பேருந்து இருக்கை மாதிரி, அடுத்தவர் உட்காரலாம்.

அப்போது புறநானூற்றின் 242ஆம் பாடலைச் சொன்னேன். ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபின் குடவாயிற் கீரத்தனார் பாடியது. வெறுமைக்கான சொல்லே அதில் கிடையாது. பூத்த முல்லையை யார் யார் சூடவில்லை என்று மட்டுமே சொல்லிக்கொண்டு போகிறார்.

மறுநாள் அவள் நாற்காலி வரியைத் திருத்தி வந்தாள்:

“நாற்காலி முதுகில்
யாரும் துண்டு போடுவதில்லை.”