புதிய பேக்கப்பை மறுக்கும் பழைய செயலி

புது போன் வாங்கியாயிற்று. பழைய போனில் எடுத்த சிக்னல் பேக்கப் கோப்பை அதில் போட்டு, 30 இலக்கக் கடவு எண்ணையும் பிழையில்லாமல் அடித்தாயிற்று. வேலை முடிந்தது என்று நினைக்கும்போது திரையில் Cannot import backups from newer versions of Signal என்று ஒரு வரி வந்து நிற்கிறது. போன்தான் புதிது, அதில் ஏறியிருக்கும் செயலி, பழைய போனில் இருந்ததைவிடப் பின்தங்கிய பதிப்பு என்பது அந்த வரியின் பொருள்.

பலர் இதைப் பார்த்ததும் கோப்பு கெட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறு. சிக்னல் பேக்கப்பில் டேட்டாபேஸின் பதிப்பு எண் பூட்டப்பட்ட பகுதிக்குள்தான் இருக்கிறது. கடவு எண் சரியாக இருந்து, பூட்டு திறந்தால்தான் செயலியால் அந்த எண்ணைப் படிக்கவே முடியும். கடவு எண் தவறென்றால் வரும் செய்தியே வேறு. ஆகவே பதிப்பைப் பற்றிச் செயலி புகார் சொன்னால், கடவு எண் சரிதான் என்றும் கோப்பு குறைந்தது அந்த இடம்வரையில் நன்றாக இருக்கிறது என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு பதிப்பு எண்கள்

ஒரு செயலிக்கு இரண்டு பதிப்பு எண்கள் உண்டு. பிளே ஸ்டோரில் தெரிவது ஒன்று. உள்ளே தரவை அடுக்கி வைத்திருக்கும் டேட்டாபேஸ் அமைப்புக்கு இன்னொன்று. ஆண்ட்ராய்டு செயலிகளில் பெரும்பாலானவை எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸைப் பயன்படுத்துகின்றன. அதன் கோப்பின் தலைப்பகுதியிலேயே இந்த இரண்டாவது எண்ணுக்கென்று ஓர் இடம் இருக்கிறது. பூட்டப்படாத கோப்பாக இருந்தால் கணினியில் இப்படிக் கேட்டுப் பார்க்கலாம்:

```
sqlite3 kadai.db "PRAGMA user_version;"
```

8 என்று பதில் வந்தால் அது எட்டாவது அமைப்பு. செயலி பத்து முறை அப்டேட் ஆனாலும், தரவு அடுக்கப்படும் விதம் மாறாதவரை இந்த எண் மாறாது. அதனால்தான் சில சமயம் சற்றுப் பழைய செயலிகூடப் புதிய பேக்கப்பை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்கிறது. இன்னொரு சமயம் ஒரே ஒரு அப்டேட் வித்தியாசத்தில் கதவைச் சாத்திவிடுகிறது.

மறுப்பு ஏன் ஒரு திசையில் மட்டும் வருகிறது? புதிய செயலியை எழுதுபவருக்குப் பழைய அமைப்புகள் எல்லாமே தெரியும். ஏழிலிருந்து எட்டுக்கு எப்படி மாற்றுவது என்ற கட்டளைகளை அவர் செயலிக்குள்ளேயே வைத்து அனுப்புகிறார். பழைய செயலி எழுதப்பட்ட நாளிலோ எட்டு என்ற அமைப்பே கிடையாது. எட்டை ஏழாக இறக்கும் வழி ஒருவேளை இருந்தாலும் அது புதிய செயலியிடம்தான் இருக்கும். பேக்கப்பைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பது பழைய செயலி.

மறுக்காமல் விட்டால் என்ன ஆகும்?

கடைக் கணக்கு எழுதும் ஒரு செயலியைக் கற்பனை செய்துகொள்வோம். ஏழாவது அமைப்பில் தொகை ரூபாயில் இருக்கிறது: வாடிக்கையாளர் ஒருவரின் பாக்கி 450.50. தசமப் புள்ளிக் கணக்கில் கணினி நுணுக்கமான பிசகு செய்யும் என்பதால், எட்டாவது அமைப்பில் எல்லாவற்றையும் பைசாவாக மாற்றுகிறார்கள். அந்த மாற்றம் இவ்வளவுதான்:

```
UPDATE kanakku SET thogai = ROUND(thogai * 100);
PRAGMA user_version = 8;
```

450.50 இப்போது 45050 ஆகிவிட்டது. புதிய செயலி அதை நூறால் வகுத்துச் சரியாகக் காட்டும். இந்தக் கோப்பைப் பழைய செயலி திறந்துவிட்டது என்று வையுங்கள். அது நிலைகுலையாது, எச்சரிக்கையும் தராது. வாடிக்கையாளர் 45,050 ரூபாய் பாக்கி என்று அமைதியாகக் காட்டும். அதே நாளில் கடைக்காரர் 120 ரூபாய்க்குப் புதுக் கணக்கு எழுதினால், அது 120 என்றே பதிவாகும். பிறகு இதே கோப்பு புதிய செயலிக்குத் திரும்பிப் போனால் அங்கே அது 1 ரூபாய் 20 பைசா.

எண்ணை மட்டும் கையால் மாற்றிச் செயலியை ஏமாற்றிவிடலாம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். PRAGMA user_version = 7; என்று ஒரு வரி அடித்தால் பழைய செயலி கதவைத் திறக்கத்தான் செய்யும். ஆனால் மாறியது எண் மட்டும். உள்ளே கிடப்பது அதே பைசாக் கணக்கு. அடுத்த முறை செயலி அப்டேட் ஆகும்போது ‘இது ஏழு’ என்று நம்பி எல்லாவற்றையும் மறுபடி நூறால் பெருக்கும். பழைய பாக்கிகள் நூறு மடங்காக நிலைத்துவிடும். இடையில் எழுதிய அந்த 120 மட்டும் சரியாக மாறும். எந்த வரி சரி, எந்த வரி தவறு என்று பிறகு பிரித்தெடுப்பது ஏறக்குறைய முடியாத காரியம். அந்த மறுப்புச் செய்தியை அலுப்பூட்டும் கெடுபிடி என்று திட்டுவது எளிது. கணக்கு வைத்திருப்பவருக்கு அது செய்யும் உதவி சின்னதல்ல.

மறுப்பும் எல்லாச் செயலிகளிலும் பதவிசாக வருவதில்லை. செயலி எழுதியவர் இந்த நிலையை யோசித்திருந்தால் சிக்னலைப் போலப் புரியும்படி ஒரு வரி வரும். யோசிக்காமல் விட்டிருந்தால், ஆண்ட்ராய்டின் வழக்கமான ஏற்பாட்டின்படி செயலி சட்டென்று மூடிக்கொள்ளும். பிழைப் பதிவைப் பார்த்தால் Can't downgrade database from version 8 to 7 என்று இருக்கும். மூன்றாவது வகைதான் மோசம். பதிப்பு பொருந்தாவிட்டால் எல்லாப் பட்டியலையும் அழித்துவிட்டு வெறுமையாகத் தொடங்கு என்று சிலர் நிரலிலேயே எழுதிவைக்கிறார்கள். அப்போது செயலி நன்றாகத் திறக்கும். உள்ளே ஒன்றுமே இருக்காது.

வரிசையாகச் செய்ய வேண்டியவை

முதல் வேலை, பேக்கப் கோப்பைப் பிரதி எடுத்து வேறோர் இடத்தில் வைப்பது. கணினியிலோ பென் டிரைவிலோ இருந்தால் நல்லது. சிக்னல், அண்மையில் எடுத்த இரண்டு பேக்கப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு அதற்கு முந்தியவற்றை அழித்துவிடும். புது போனில் வெறும் கணக்கைத் தொடங்கி, அதே கோப்புறையில் பேக்கப்பையும் இயக்கிவிட்டால் எது எதை அழித்தது என்று குழம்ப நேரிடும். பழைய போனில் இருக்கும் செயலியையும் இப்போதைக்குத் தொடக்கூடாது.

மறுப்பு வந்த திரையில் பொறுமை இழந்து அடுத்த கட்டத்துக்குத் தாவவும் வேண்டாம். சிக்னலில் இந்த வகைப் பேக்கப்பைத் திரும்ப ஏற்றும் வாய்ப்பு, செயலியை நிறுவிப் பதிவு செய்யும் தொடக்கத்தில்தான் வரும். அதைத் தவிர்த்துவிட்டு உள்ளே போய்விட்டால், செயலியை நீக்கி மறுபடி நிறுவ வேண்டியிருக்கும்.

அடுத்து, இரண்டு போன்களிலும் செயலியின் பதிப்பைப் பார்க்க வேண்டும். போனின் அமைப்புகளில் செயலிகள் பட்டியலுக்குப் போய், அந்தச் செயலியின் பக்கத்தின் அடியில் பார்த்தால் பெரும்பாலும் எண் இருக்கும். பேக்கப் எடுத்த போனின் எண் பெரிது, ஏற்ற வேண்டிய போனின் எண் சிறிது என்று தெரிந்துவிட்டால் நோய் உறுதி. மருந்தும் ஒன்றுதான்: சிறிய எண்ணைப் பெரிய எண்ணுக்கு ஏற்றுவது.

பிளே ஸ்டோரில் அப்டேட் காட்டினால் அங்கேயே கதை முடிந்தது. காட்டாவிட்டால் பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும். புதிய பதிப்பு எல்லோருக்கும் ஒரே நாளில் போவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திறந்துவிடுவார்கள். அப்படியானால் சில நாள் காத்திருப்பதே போதும். பழைய போன் பீட்டா சோதனையில் சேர்ந்திருந்தால் அது பெரும்பாலும் ஒரு படி முன்னால் இருக்கும். பீட்டாவில் சேர்ந்த அதே கூகுள் கணக்கைப் புது போனிலும் பயன்படுத்தி, அப்டேட் செய்து, பேக்கப்பை ஏற்றலாம். சிக்னலின் ஒவ்வொரு பதிப்பும் சுமார் 90 நாளில் காலாவதியாகிவிடுவதால், அதில் இந்தச் சிக்கல் வருவது பெரும்பாலும் இந்த இரண்டு காரணங்களால்தான்.

மூன்றாவது, போனின் ஆண்ட்ராய்டே பழையதாக இருந்து புதிய செயலியை ஏற்காமல் போவது. இங்கே வேறு இடத்திலிருந்து செயலிக் கோப்பை இறக்கி நிறுவும் ஆசை வரும். பிளே ஸ்டோரில் வந்த செயலியும் எஃப்-டிராய்டில் வரும் அதே செயலியும் பெரும்பாலும் வெவ்வேறு கையொப்பம் கொண்டவை. ஒன்றின் மேல் இன்னொன்றை நிறுவ ஆண்ட்ராய்டு விடாது. நீக்கிவிட்டு நிறுவச் சொல்லும்; நீக்கினால் உள்ளிருக்கும் தரவும் போய்விடும். அதற்குப் பதில், புதிய செயலி ஓடும் போனிலிருந்தே தரவைப் பொதுவான வடிவில் வெளியே எடுப்பது நல்லது. கணக்குச் செயலி என்றால் சிஎஸ்வி ஏற்றுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பட்டியலும் தொகையும் தப்பிவிடும். படங்களும் செயலியின் அமைப்புகளும் பெரும்பாலும் வராது.

கீழே இறங்கும் வழியைப் புதிய செயலியே திறந்து வைத்திருப்பதும் உண்டு. மொழி கற்பவர்களும் மருத்துவ மாணவர்களும் அதிகம் பயன்படுத்தும் அன்கி இதில் பாராட்டத்தக்கது. அதன் கணினிப் பதிப்பில் ஏற்றுமதி செய்யும்போது Support older Anki versions என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் குறியிட்டால் பழைய பதிப்புகளும் படிக்கக்கூடிய கோப்பு கிடைக்கும். பழைய அன்கிக்கே திரும்ப வேண்டியவர்களுக்கு, சுயவிவரம் மாற்றும் சாளரத்தில் Downgrade & Quit என்ற பொத்தான் உண்டு. இரண்டையும் அழுத்த வேண்டியது புதிய அன்கியில். பழையதை நிறுவிவிட்டு அந்தப் பொத்தானைத் தேடினால் பயனில்லை.

பேக்கப் ஏறிவிட்டது என்று செயலி சொன்னவுடன் பழைய போனைத் துடைத்துவிடக் கூடாது. இரண்டையும் பக்கத்தில் வைத்து, மிகப் பழைய பதிவு ஒன்று, நேற்றைய பதிவு ஒன்று, பைசாவோடு முடியும் தொகை ஒன்று, படம் இணைத்த செய்தி ஒன்று என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பிறகு புது போனில் ஒரு பேக்கப் எடுத்து, அதன் அளவு பழைய கோப்பின் அளவுக்குச் சுமாராகவாவது அருகில் இருக்கிறதா என்று பார்க்கலாம். பாதிக்கும் கீழே இருந்தால் படங்கள் வரவில்லையா என்று முதலில் தேட வேண்டும். அதுவரை பழைய போன் இருந்தபடியே இருக்கட்டும்.