நம்பிக்கைகளும் உண்மைகளும்: எந்த ரீசார்ஜ் மலிவு?

இரண்டு ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இதுல எது லாபம்?" என்று கேட்காத வீடு குறைவு. பெரும்பாலும் பதில் உடனே வந்துவிடும். அவசரத்தில் தப்பாகவும் வரும். ஒரு ஜோடியை எடுத்து முழுக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். விலைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை.

முதல் படம்: 299 ரூபாய், 28 நாள், தினமும் 1.5 ஜிபி. இரண்டாவது படம்: 355 ரூபாய், 30 நாள், மொத்தமாக 30 ஜிபி. இரண்டிலும் எல்லா அழைப்புகளும் இலவசம்.

நம்பிக்கை: மாத விலையை 12-ஆல் பெருக்கினால் வருடச் செலவு கிடைத்துவிடும்.

299-ஐ 12-ஆல் பெருக்கினால் 3,588. ஆனால் 28 நாள் என்பது மாதம் ஆகாது. 12 ரீசார்ஜில் 336 நாள்தான் ஓடும். மீதி 29 நாளுக்கு 13-வது ரீசார்ஜ் வேண்டும், அதுவும் ஒரு நாள் போதாது. படத்தில் விலை பெரிய எழுத்தில் இருக்கும், வேலிடிட்டி ஓரமாக இருக்கும் என்பதால் இந்தத் தவறு எளிதாக நடக்கிறது. விலையை நாட்களால் வகுத்து 365-ஆல் பெருக்குவதே சரியான வழி. அப்படிப் பார்த்தால் முதல் பிளானுக்கு 3,898 ரூபாய், இரண்டாவதற்கு 4,319 ரூபாய். 28 நாள் கணக்கு பிடிக்காதவர்களுக்கு மாற்று உண்டு: 30 நாள் ஓடும் ஒரு பிளானும், மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் ஒரு பிளானும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று 2022 ஜனவரியில் டிராய் உத்தரவிட்டது. எல்லா நிறுவனமும் அதை வைத்திருக்க வேண்டும். ஆப்பில் கீழே தள்ளிப் பார்த்தால் கிடைக்கும்.

நம்பிக்கை: அதிக டேட்டா தரும் பிளானில் டாப்-அப் செலவு வராது.

இதுதான் அதிகம் பேரை ஏமாற்றுகிறது. முதல் பிளான் வருடத்துக்கு 547 ஜிபி தருகிறது, இரண்டாவது 365. விலையும் 421 ரூபாய் குறைவு என்றால் முதலாவதைத்தானே எடுக்க வேண்டும்?

வாரநாட்களில் அரை ஜிபி மட்டும் செலவழித்து, ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகும் பஸ்ஸில் படம் பார்த்து 3 ஜிபி தீர்க்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய வருடத் தேவை 313 ஜிபிதான். ஆனால் தினசரி பிளானில் அன்றைய மீதி நள்ளிரவோடு போய்விடும். திங்கள் முதல் சனி வரை சேர்ந்த மிச்சம் ஞாயிற்றுக்கிழமைக்குக் கைகொடுக்காது. 1.5 ஜிபி தீர்ந்ததும் வேகம் பொதுவாக 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கும். வாட்ஸ்அப் செய்தி போகும், வீடியோ ஓடாது. அவர் 2 ஜிபி டாப்-அப் போடுவார்; அது 29 ரூபாய் என்றால் 52 வாரத்துக்கு 1,508. முதல் பிளானின் உண்மையான வருடச் செலவு 5,406 ரூபாய் ஆகிறது.

இரண்டாவது பிளானில் 30 நாளில் ஐந்து ஞாயிறு வந்தாலும் அவருக்கு 27.5 ஜிபி போதும். டாப்-அப் வேண்டாம், செலவு 4,319-லேயே நிற்கும். குறைவாக டேட்டா தரும் பிளான் 1,087 ரூபாய் மிச்சப்படுத்துகிறது!

இதே இரண்டாவது பிளானை, தினமும் தவறாமல் 1.3 ஜிபி பார்க்கும் கல்லூரி மாணவிக்கு வாங்கிக் கொடுத்தால் 24-ஆம் நாளே தீர்ந்துவிடும். அவருக்கு முதல் பிளான்தான் சரி.

எல்லை எங்கே என்றும் கண்டுபிடிக்கலாம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 421-ஐ டாப்-அப் விலை 29-ஆல் வகுத்தால் பதினான்கரை. மாத மொத்தம் 30 ஜிபிக்குள் நிற்கிறவர், வருடத்தில் 15 நாளாவது 1.5 ஜிபியைத் தாண்டி டாப்-அப் போடுவார் என்றால் இரண்டாவது பிளான் மலிவு. என்னைக் கேட்டால், இரண்டு படங்களையும் விட இந்த ஒரு எண்தான் முக்கியம்.

தாண்டும் நாட்களை நிறுவனத்தின் ஆப்பில் தினசரி உபயோகம் பார்த்து எண்ணலாம். ஐபோனில் தெரியும் தொகையை நம்ப வேண்டாம். Reset Statistics அழுத்தும்வரை அது பழைய மாதங்களையும் சேர்த்தே கூட்டிக்கொண்டு போகும். படத்தில் 'அன்லிமிடெட் 5ஜி' என்று இருந்தால், உங்கள் போனும் நீங்கள் நடமாடும் இடமும் 5ஜிக்கு உகந்தவையா என்று பாருங்கள். அந்த பஸ் வழியில் 5ஜி இல்லையென்றால் டாப்-அப் கணக்கு அப்படியேதான் இருக்கும்.

நம்பிக்கை: படத்தில் இருக்கும் விலைதான் கட்டும் விலை.

ப்ரீபெய்டுக்கு இது உண்மை; ஜிஎஸ்டி உள்ளேயே அடங்கியிருக்கும். போஸ்ட்பெய்டு படத்தில் பெரும்பாலும் வரி சேராது. 399 என்று இருந்தால் 18 சதவீதம் சேர்ந்து பில் 470 ரூபாய் 82 காசு வரும். மேலே உள்ள இரண்டு பிளான்களோடு அதை ஒப்பிடும்போது, வருடச் செலவாக எழுத வேண்டியது 4,788 அல்ல, 5,650.