விளம்பரப் படமும் விற்பனைப் பழமும்

தோப்பிலிருந்தே நேரடியாக மாம்பழம் விற்கும் விவசாயிகள் பலர், இப்பொழுது வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூலம் ஆர்டர் பெறுகின்றனர். நல்ல படம் கிடைக்காதபோது கணினியில் படம் உருவாக்கிப் போடுவதும் உண்டு. இமாம்பசந்த் இரகத்தில் இதனால் ஒரு தொல்லை வருகிறது.

இமாம்பசந்த் நன்றாகக் கனிந்த பின்னும் தோல் பெரும்பாலும் பச்சையாகவோ, பச்சை கலந்த மஞ்சளாகவோதான் இருக்கும். கணினியோ மாம்பழம் என்றதும் கன்னம் சிவந்த பழத்தைத்தான் பெரும்பாலும் வரைந்து தருகிறது. அந்தப் படத்தைப் பார்த்து ஒருவர் 5 கிலோ பெட்டி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெட்டியைத் திறந்ததும் பச்சைப் பழம். காய் என்றோ, வேறு இரகம் என்றோ எண்ணி அவர் பணத்தைத் திருப்பிக் கேட்பார். பழத்தில் குறை எதுவும் இல்லை; குறை படத்தில்தான்.

ஆகவே இப்படிப்பட்ட படத்தின் மேலேயே, "இது கணினி வரைந்த படம். எங்கள் தோப்புப் பழம் அடுத்த படத்தில்" என்று எழுதிவிட வேண்டும். செல்பேசியில் படத்தைத் திருத்தும் பகுதியிலேயே எழுத்துச் சேர்க்கும் வசதி உண்டு. கை நீட்டிப் பிடித்தாலும் படிக்கும்படி எழுத்து பெரிதாக இருக்கட்டும். மூலையில் பொடி எழுத்தில் போடுவது போடாததற்குச் சமம்.

படத்தின் கீழே உள்ள குறிப்பில் மட்டும் எழுதினால் போதாதா எனலாம். போதாது. நீண்ட குறிப்பில் முதல் ஓரிரு வரிகளே கண்ணில் படும். படத்தைச் சேமித்து வேறொருவருக்கு அனுப்பும்போது குறிப்பு கூடப் போவதில்லை. இன்ஸ்டாகிராமில் பதிவிடும் முன் AI label என்ற தெரிவை இயக்கலாம், இயக்குவது நல்லதே. எனினும் அது அந்தச் செயலிக்குள் மட்டுமே தெரியும்.

எல்லாத் திருத்தத்துக்கும் அறிவிப்பு தேவையில்லை. ஓரத்தை வெட்டுவது, இருட்டாக விழுந்த படத்தைச் சற்று வெளிச்சமாக்குவது ஆகியவற்றால் எவரும் ஏமாறுவதில்லை. தோல் நிறத்தை மாற்றுவது, கரும்புள்ளியை அழிப்பது, கொத்தில் காய் சேர்ப்பது ஆகியவற்றை அறிவித்தே ஆக வேண்டும். ஐயமிருந்தால் பகல் வெளிச்சத்தில் பழத்தையும் செல்பேசியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டும் ஒத்திருந்தால் சரி.

பொருளைப் பொய்யாக வருணிப்பதும், முக்கியத் தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரம் ஆகும். கணினிப் படம் என்று எழுதிவிட்டு வேறு இரகத்தை அனுப்பினால் அந்த எழுத்து விற்பவரைக் காக்காது.

அறிவிப்பின்றி ஏற்கெனவே படம் போட்டுவிட்டவர்கள் அப்பதிவை நீக்கி, எழுத்துடன் மறுபடி போடலாம். ஆனால் பிறர் சேமித்து அனுப்பிய பிரதிகள் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அதனால் ஆர்டர் கொடுத்த ஒவ்வொருவருக்கும், பெட்டி கட்டும் முன்பே, கனிந்த பழத்தை வெயிலில் எடுத்த உண்மைப் படத்தை அனுப்பி, "பழம் இந்த நிறத்தில்தான் இருக்கும், சம்மதமா?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஓரிருவர் வேண்டாம் என்பார்கள். அந்தப் பழத்தை உள்ளூர்ச் சந்தையில் விற்றுவிடலாம். லாரி வாடகையாவது மிஞ்சும்.