ஒருவர் மூவரான கதை

மலருக்கு வந்த கட்டுரையொன்றைத் திருத்தினேன். முதற்பந்தியில், "விபுலானந்த அடிகளார் 1892இல் காரைதீவில் பிறந்தார்." இரண்டாவதில், "யாழ் நூலை இயற்றியவன் 1947இல் அதனை அரங்கேற்றினான்." மூன்றாவதில், "அவர்கள் அவ்வாண்டே காலமானார்கள்." ஒருவரே மூவராகிவிட்டார்!

பெரியோரை 'அவர்கள்' என்பதும் நம் மரியாதை வழக்கே. ஆயினும் ஒரு கட்டுரைக்கு ஒரே முறை வேண்டும். முதற்பந்தியின் 'ஆர்' விகுதியையே தெரிந்தேன்.

'இயற்றிய', 'பிறந்து' போன்ற எச்சங்களில் மரியாதை வேறுபாடு தெரியாது. ஆகவே வினைமுற்று, வினையாலணையும் பெயர், சுட்டுப்பெயர் ஆகியவற்றுக்கு மட்டும் கோடிட்டேன். 'இயற்றியவர்', 'அரங்கேற்றினார்', 'அவர்', 'காலமானார்' என அவை மாறின.

"மாணவர்கள் அஞ்சலி செலுத்தினார்கள்" என்ற இறுதி வாக்கியத்தைத் தொடவில்லை. அங்கு 'கள்' மரியாதையன்று, பன்மை.