நீதிமன்றச் செய்தியில் இரு சொற்றொடர்கள்: சூவோ மோட்டோவும் எக்ஸ் பார்ட்டியும்

தினசரிப் பத்திரிகையில் நீதிமன்றச் செய்திகளைப் படிக்கும் நம் அங்கத்தினர்கள் இரண்டு சொற்றொடர்களை அடிக்கடி காண்கின்றனர். ஒன்று, 'சூவோ மோட்டோ'வாக வழக்கு எடுக்கப்பட்டது என்பது. மற்றொன்று, 'எக்ஸ் பார்ட்டி' தீர்ப்பாயிற்று என்பது. இரண்டும் லத்தீன் மொழிச் சொற்கள். முன்னதைத் 'தாமாக முன்வந்து' என்றும், பின்னதை 'ஒருதலைப்பட்சமாக' என்றும் பத்திரிகைகள் மொழிபெயர்க்கின்றன. இம்மொழிபெயர்ப்பே சில வேளைகளில் வாசகரை மயக்கிவிடுகிறது. ஒருதலைப்பட்சம் என்றவுடன், நீதிபதி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார் என்று பலர் எண்ணுகின்றனர். தாமாக எடுத்த வழக்கு என்றவுடன், நீதிமன்றம் முன்னரே முடிவு செய்துவிட்டது என்று வேறு சிலர் எண்ணுகின்றனர். இரண்டும் பிழை. ஏன் பிழை என்பதை இம்மாதப் பாடத்தில் காண்போம்.

முதலில் எக்ஸ் பார்ட்டியை எடுத்துக்கொள்வோம். 'ஒரு பக்கத்திலிருந்து' என்பதே இதன் நேர்ப்பொருள். வழக்கில் இரு கட்சிக்காரர்கள் உள்ளனர். விசாரணை நாளில் வாதி வந்திருக்கிறார், பிரதிவாதிக்குச் சம்மன் முறைப்படி சார்பாகியிருந்தும் அவர் வரவில்லை, வக்கீலும் வரவில்லை. அப்பொழுது வந்திருப்பவரை மட்டும் வைத்துக்கொண்டு விசாரிக்கலாம் என்று 1908ஆம் ஆண்டின் உரிமையியல் விசாரணை முறைச் சட்டம், ஒன்பதாம் ஆணை, ஆறாம் விதியில் இடம் தருகிறது. ஆகவே இங்கே 'ஒருதலை' என்பது நீதிபதியின் மனத்தைப் பற்றிய சொல் அன்று. காலியாக இருக்கும் நாற்காலியைப் பற்றிய சொல். எதிரி வரவில்லை என்பதாலேயே வாதி வென்றவராகவும் ஆகிவிடுவதில்லை. தம் பிராதில் கூறியதற்குச் சான்று காட்ட வேண்டிய பொறுப்பு அவருக்கு அப்பொழுதும் உண்டு.

இப்பொருளை உச்ச நீதிமன்றம் 1955இல் தெளிவாக்கியது. அது சங்கிராம் சிங் என்பவருக்கும் கோட்டா தேர்தல் தீர்ப்பாயத்துக்கும் இடையில் எழுந்த வழக்கு. 1953 மார்ச்சில் உதயப்பூரில் நடந்த விசாரணையில் சங்கிராம் சிங் தரப்பில் ஒருவரும் ஆஜராகாத காரணத்தால், தீர்ப்பாயம் எக்ஸ் பார்ட்டியாக விசாரிக்கத் தொடங்கியது. சில நாள் கழித்து அவருடைய வக்கீல் வந்து நின்றார். 'எக்ஸ் பார்ட்டி என்று ஆணையிட்டாயிற்று. இனி நீர் கலந்துகொள்ள இயலாது' என்ற முறையில் தீர்ப்பாயம் அவரை மறுத்துவிட்டது. இது தவறு என்று நீதிபதி விவியன் போஸ் எழுதிய தீர்ப்பு கூறியது. எக்ஸ் பார்ட்டி என்பது வராத நாளின் விசாரணையை மட்டுமே குறிக்கும். வழக்கு முடியுமுன் அவர் வந்துவிட்டால், அந்நிலையிலிருந்து தொடர்ந்து கலந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு. நடந்து முடிந்த பகுதியை மீண்டும் முதலிலிருந்து நடத்தவேண்டுமானால் மட்டும், வராமைக்குத் தக்க காரணம் காட்டவேண்டும். 'நான் எக்ஸ் பார்ட்டி ஆகிவிட்டேன், இனிப் போய்ப் பயனில்லை' என்று வீட்டில் இருந்துவிடும் அங்கத்தினர்கள் இதனை மனத்தில் இருத்துதல் வேண்டும்.

ஒருவரும் வராமலே தீர்ப்பும் டிக்ரியும் ஆகிவிட்டால் என் செய்வது? அதற்கும் அதே ஒன்பதாம் ஆணையின் பதின்மூன்றாம் விதி வழி வைத்திருக்கிறது. இரண்டு காரணங்களில் ஒன்றைக் காட்டி அந்த டிக்ரியை நீக்கக் கோரலாம். சம்மன் முறைப்படி சார்பாகவில்லை என்பது ஒன்று. சம்மன் வந்தும் வரமுடியாதபடி போதிய காரணம் தடுத்தது என்பது மற்றொன்று. மனுவுக்குரிய காலம் 30 நாள். சம்மன் முறைப்படி சார்பாகியிருந்தால் டிக்ரி நாளிலிருந்தும், சார்பாகவே இல்லையென்றால் டிக்ரியை அறிந்த நாளிலிருந்தும் இந்த 30 நாளை எண்ணவேண்டும் என்று 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம் கூறுகிறது. நாள் கடந்துவிட்டால், ஒவ்வொரு தாமதத்துக்கும் காரணம் கூறி மன்னிக்கக் கோரும் மனுவொன்றையும் சேர்த்துத் தாக்கல் செய்யவேண்டும். அதனை ஏற்பதும் மறுப்பதும் நீதிமன்றத்தின் விருப்பம்.

இங்கே பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. தபால்காரர் கொண்டுவந்த பதிவுத் தபாலை வாங்க மறுத்துவிட்டால் சம்மன் சார்பாகவில்லை என்று கருதுகின்றனர். அவ்வாறன்று, மறுப்பதையும் சார்பானதாகவே நீதிமன்றம் கொள்ளலாம். வீட்டுக்காரர் இல்லாத வேளையில், விரைவில் வருவாரென்ற குறிப்பும் இல்லையானால், உடன் வாழும் வயதுவந்த குடும்பத்தினரிடம் சம்மனைக் கொடுத்தாலும் அது செல்லும். இன்னும், சார்பு செய்ததில் சிறு முறைகேடு இருந்தாலும், விசாரணை நாள் பிரதிவாதிக்குத் தெரிந்திருந்தது, வருவதற்கு நேரமும் இருந்தது என்று கண்டால், அம்முறைகேட்டை மட்டும் காட்டி டிக்ரியை நீக்கமுடியாது.

இனிச் சூவோ மோட்டோ. 'தன் சொந்த அசைவினால்' என்பது இதன் பொருள். வழக்கமாக, யாரேனும் ஒருவர் மனுப் போட்டால்தான் நீதிமன்றத்தின் கதவு திறக்கும். மனுதாரர் இன்றி, பத்திரிகைச் செய்தியையோ கடிதத்தையோ நாட்டில் எல்லோரும் அறிந்த நிலைமையையோ கண்டு நீதிமன்றமே கதவைத் திறப்பது சூவோ மோட்டோ. உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றங்களும் அரசியலமைப்பு தரும் அதிகாரத்தைக் கொண்டு இவ்வாறு செய்கின்றன. பணக் கடன், பாகப் பிரிவினை போன்ற சாதாரண உரிமையியல் வழக்கை எந்த நீதிமன்றமும் இவ்வாறு தாமாகத் தொடங்குவதில்லை. அத்தகைய வழக்குக்குப் பிராது கொடுக்கும் வாதி ஒருவர் வேண்டும். செய்தியில் வழக்கின் பெயரைப் பார்த்தாலே வேறுபாட்டை அறியலாம்: இன்னார் எதிர் இன்னார் என்றிராமல், 'இன் ரீ' என்ற சொல்லோடு விஷயத்தின் பெயர் மட்டும் இருக்கும்.

இதற்கு நல்ல உதாரணம் 2020இல் உச்ச நீதிமன்றம் எடுத்த மூன்றாம் எண் சூவோ மோட்டோ ரிட் மனு. கொரோனா நோய் பரவிய அந்நாளில், மனுக்களைத் தாக்கல் செய்ய மக்கள் நீதிமன்றத்துக்கு நேரில் வந்து கூடவேண்டாம் என்று கருதிய உச்ச நீதிமன்றம், யாரும் கேளாமலே 2020 மார்ச் 23இல் ஆணை பிறப்பித்தது. மார்ச் 15 முதல், எல்லா நீதிமன்றங்களிலும் தீர்ப்பாயங்களிலும் மனுவுக்குரிய காலவரம்பு நீட்டிக்கப்பட்டது. அதே ஆணையில், உயர் நீதிமன்றப் பதிவாளர்களுக்கு நோட்டீசும் அனுப்பச் சொன்னது. தாமாக எடுத்த வழக்கிலும் மற்றவர்களை அழைத்துக் கேட்கவேண்டும் என்பதற்கு இதுவே அத்தாட்சி. தாமாகத் தொடங்குவது வேறு. எதிர்த்தரப்பைக் கேளாமல் முடிப்பது வேறு.

இரு சொற்றொடர்களும் ஒரே மனிதருடைய வாழ்வில் சந்திப்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நெசவாளர் ஒருவர் நூல் வியாபாரியிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்து 40,000 ரூபாய் பெற்றார் என்று வைத்துக்கொள்வோம். பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், ரசீதும் இருக்கிறது. வியாபாரி முழுத் தொகைக்கும் பிராது கொடுத்தார். சம்மன் நெசவாளர் கைக்கே வந்தது. விசாரணை நாளிலோ அவர் மஞ்சட்காமாலையால் மருத்துவமனையில் கிடந்தார். வாதி புரோநோட்டைக் காட்டினார். ரசீதைக் காட்டுவதற்கு எதிரில் ஆளில்லை. 2020 பிப்ரவரி 28ஆம் நாள் முழுத் தொகைக்கும் எக்ஸ் பார்ட்டி டிக்ரி ஆயிற்று. நீதிபதி சாய்ந்தார் என்று இதனைச் சொல்லமுடியுமா? அவர் முன் இருந்த சான்று அவ்வளவே.

டிக்ரி நாளை விட்டு எண்ணினால், 30ஆம் நாள் 2020 மார்ச் 29. ஆனால் மார்ச் 25இலேயே நாடு முழுவதும் ஊரடங்கு வந்துவிட்டது. சூவோ மோட்டோ ஆணை இல்லையேல், தாமதத்துக்கு மன்னிப்புக் கோரி நெசவாளர் நிற்கவேண்டியிருக்கும். அவ்வாணை இருந்தமையால் அவருடைய காலம் கடக்கவில்லை. இதே வழக்கில் 2022 ஜனவரி 10இல் பிறந்த ஆணை, 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையுள்ள காலத்தைக் கணக்கிலிருந்து விலக்கியது. அக்காலத்துக்குள் கெடு முடிந்தவர்களுக்கு 2022 மார்ச் 1 முதல் 90 நாள் கொடுத்தது. ஆகவே நம் நெசவாளர் 2022 மே மாதக் கடைசி வரை மனுப் போடலாம். அவரை அறியாத நீதிபதிகள், அவர் கேளாமலே கொடுத்த காலம் இது.

எனினும் இவ்வுதவிக்கு எல்லையுண்டு. ஆணை நீட்டித்தது காலத்தை மட்டுமே. டிக்ரியை அது நிறுத்திவைக்கவில்லை. நீக்கப்படும் வரை எக்ஸ் பார்ட்டி டிக்ரியும் மற்ற டிக்ரியைப் போலவே செல்லும். வாதி நிறைவேற்று மனுப் போட்டு வங்கிக் கணக்கை ஜப்தி செய்யக் கோரலாம். தொழிலாளியின் கருவிகளையும், விவசாயியின் உழுகருவிகளையும், அவர் பிழைப்புக்கு வேண்டிய மாடுகளையும் விதைத் தானியத்தையும் ஜப்தி செய்யலாகாது என்று அதே 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின் 60ஆம் பிரிவு காக்கிறது; ஆனால் வங்கியில் உள்ள சேமிப்புக்கு அக்காப்பு இல்லை. எனவே நெசவாளர் மே மாதம் வரை காத்திராமல், இயன்ற முதல் நாளிலேயே மருத்துவமனைச் சீட்டோடு நீக்க மனுவையும், நிறைவேற்றத்தை நிறுத்தக் கோரும் மனுவையும் கொடுப்பதே அறிவுடைமை.

மனு ஏற்கப்பட்டால் அவர் வென்றுவிட்டார் என்பதும் இல்லை. வியாபாரிக்கு நோட்டீசு கொடுத்து, அவர் சொல்வதையும் கேட்ட பிறகே டிக்ரி நீக்கப்படும். செலவுத் தொகை கட்டுமாறும், தொகையில் ஒரு பகுதியை நீதிமன்றத்தில் செலுத்துமாறும் நிபந்தனை விதிக்கலாம். அதன்பின் விசாரணை நடைபெறும். அந்நாளில்தான் பாதித் தொகைக்கான ரசீது நீதிபதியின் கைக்கு வரும்.

ஆகவே பத்திரிகையில் இச்சொற்களைக் காணும்பொழுது இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்டுக்கொள்ளலாம். வழக்கைத் தொடங்கியது யார் என்ற கேள்விக்குச் சூவோ மோட்டோ விடை தருகிறது. விசாரணை நாளில் வராதவர் ஒருவர் உண்டா என்ற கேள்விக்கு எக்ஸ் பார்ட்டி விடை தருகிறது. யார் பக்கம் நியாயம் என்பதை இவ்விரண்டு சொற்களும் கூறுவதில்லை. அதற்குத் தீர்ப்பின் காரணங்களையே படிக்கவேண்டும்.